தவற்றின் வேரைத் தோண்டி எடு!

மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வினாத்தாளை மடித்து வைத்தாயா? எடு அதை! குரூப் 4-க்குப் படிக்கும் உனக்கு, தப்பாய்ப் போன கேள்விகளை விட நல்ல பாடப்புத்தகம் வேறில்லை.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். 352-வது பிரிவின்படி அறிவிக்கும் தேசிய நெருக்கடி நிலைக்கு எவ்வளவு காலத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும்? நீ இரண்டு மாதம் என்று கருமையிட்டாய். விடை ஒரு மாதம். உடனே பிழை நோட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதப் போகிறாய். எழுதாதே! அந்தச் சொல்லால் எதையும் திருத்த முடியாது. இரண்டு மாதம் என்று எதை நம்பிப் போட்டாய்? அதை எழுது.

இப்போது உன் சுருக்கக் குறிப்பைத் திற. ‘352, 356, 360: ஒப்புதல் 2 மாதம்’ என்று மூன்றையும் ஒரே வரியில் நீயே கட்டி வைத்திருக்கிறாய்! 356-க்கும் 360-க்கும் அது சரி. 352-க்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1978-ம் ஆண்டின் 44-வது திருத்தம் அதை ஒரு மாதமாகக் குறைத்தது. உன் நினைவாற்றலை ஏன் திட்டுகிறாய்? அது உன் குறிப்பை அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறது. அந்த வரி அங்கே இருக்கும்வரை, எத்தனை முறை திருப்புதல் செய்தாலும் தவற்றைத்தான் மெருகேற்றுவாய்.

பள்ளிப் பாடநூலில் ஒருமுறை சரிபார், ஏனென்றால் விடைக்குறிப்பிலும் தவறு வரும். பிறகு பழைய வரியை அடி! ‘352: 1 மாதம், சிறப்புப் பெரும்பான்மை. 356, 360: 2 மாதம், சாதாரணப் பெரும்பான்மை’ என்று அதே இடத்தில் எழுது. ஓரத்தில் ஒட்டுச்சீட்டு வேண்டாம். பழையதும் புதியதும் சேர்ந்து கிடந்தால் தேர்வறையில் இரண்டும் கண்முன் வந்து நிற்கும். திருத்திய பக்க எண்ணைப் பிழை நோட்டில் குறி. பக்க எண் ஏறாத பிழை இன்னும் தீராத பிழை.

குறிப்பில் சரியாகவே இருந்தும் தவறாக விடையளித்தாயா? அப்போது குறிப்பைத் தொடாதே, வீணாக ஊதிப் பெருக்காதே. வரியைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பார். சில நாள் விட்டு மறுபடி சொல்லிப் பார்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இங்கேதான். குரூப் 4-ல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே தெரியாததை ஊகித்துப் போடுவது நியாயமே. ஆனால் பயிற்சியில் ஊகித்த ஒவ்வொரு கேள்வியின் அருகிலும் வினாத்தாளில் ஒரு புள்ளி வை. அதிர்ஷ்டத்தில் சரியான புள்ளிக் கேள்விகளும் பிழை நோட்டுக்கு வரட்டும். மதிப்பெண் தந்துவிட்டதே என்று அவற்றை விட்டுவைக்காதே!

அடுத்த மாதிரித் தேர்வுக்கு முந்தைய இரவு முழு நோட்டையும் புரட்ட வேண்டாம். பக்க எண் ஏறிய பிழைகளைத் திற, குறிப்பை மூடு, கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேள்: எந்த நெருக்கடி நிலைக்கு ஒரு மாதம்? தடுமாறினால் பக்க எண்ணை அடித்துவிட்டு, அந்தப் பிழையை மறுபடி திற.