குற்றவாளியிடம் காசில்லாதபோது கடன் யாருடையது?

குற்றத்தால் விளைந்த கேட்டைக் குற்றம் செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இழப்பீட்டின் அடிப்படை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்கள் இந்தப் பழைய நியதியை வெகுகாலம் கையில் எடுக்கவில்லை. யூகோஸ்லாவியா, ருவாண்டா ஆகிய நாடுகளுக்கென அமைக்கப்பட்ட தீர்ப்பாயங்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்ததே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிடும் அதிகாரம் இல்லை. பாதிக்கப்பட்டவர் அங்கே சாட்சி மட்டுமே; சாட்சி சொல்லி முடித்ததும் வீடு திரும்பவேண்டியதுதான். ஹேகில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டம் இதை மாற்றியது. அதன் 75-ஆம் பிரிவு, தண்டனை பெற்றவர் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிட நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்தது. 79-ஆம் பிரிவு பாதிக்கப்பட்டோருக்கென ஓர் அறக்கட்டளை நிதியத்துக்கு வழி செய்தது. முதல் பிரிவு கடனைக் குற்றவாளியின் தலையில் வைக்கிறது. இரண்டாவது, அந்தக் கடனை வேறொருவர் தீர்க்க இடம் தருகிறது. அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மைன் கட்டாங்கா வழக்கில் இந்தச் சிக்கல் முழுமையாக வெளிப்பட்டது. 2003 பிப்ரவரி 24 அன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் இதூரி பகுதியிலுள்ள போகோரோ என்ற ஊரை ஆயுதக் குழுவினர் தாக்கினர். மக்களைக் கொன்று, வீடுகளைக் கொளுத்தி, மாடுகளை ஓட்டிச் சென்றனர். தாக்குதலுக்குத் துணைநின்றார் என்று 2014-இல் கட்டாங்கா குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு 12 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். இழப்பீட்டு ஆணை 2017 மார்ச் 24 அன்று வந்தது.

அந்த ஆணைக்காக நீதிபதிகள் செய்த வேலை எளிதானதன்று. 341 பேரின் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்து, 297 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றனர். எரிந்துபோன வீட்டுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? தாக்குதலை நேரில் அனுபவித்தவருக்கு மனக்காயம் உண்டென்று கொள்வது போன்ற அனுமானங்களால்தான் பல விண்ணப்பங்கள் நிலைபெற்றன. ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு தொகை வைத்தார்கள். நெருங்கிய உறவினரை இழந்த மனவேதனைக்கு 8,000 டாலர் என மதிப்பிட்டார்கள். வீடு, கால்நடை, அறுவடை என எல்லாவற்றையும் கூட்டியபோது மொத்தச் சேதம் 37,52,620 டாலர் என்று வந்தது.

அடுத்த படியில்தான் கணக்கு இடறுகிறது. குற்றத்தில் கட்டாங்காவின் பங்கைக் கருதி, அவர் பொறுப்பேற்க வேண்டிய தொகை 10 லட்சம் டாலர் என்று நீதிமன்றம் வரையறுத்தது. ஒருவர் தம் பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால், அளந்து உறுதிசெய்த சேதத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் யாருடைய கடனும் இல்லாமல் போகிறது. அதே தாக்குதலுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட மத்தியூ ங்குஜோலோ 2012-இலேயே விடுதலையாகியிருந்தார். ஆக, மீதியைக் கேட்கவும் ஆளில்லை. சேதத்தை முழுக்க அளந்து காட்டிவிட்டு, அதில் கால் பங்கைச் சற்றே தாண்டி ஆணையிடுவது பாதிக்கப்பட்டவரின் காயத்தில் இன்னொரு கீறல். பிற்காலத்து வழக்குகளில், சேதத்தை முழுமையாக ஈடுசெய்யும் பொறுப்பைக் குற்றவாளி மீதே வைக்கும் வழியை நீதிமன்றம் தேர்ந்தது. அதுவே சரியான வழி.

அந்தப் பத்து லட்சத்தையும் கட்டாங்காவால் தர முடியவில்லை. அவரிடம் சொத்து ஏதும் இல்லை. எனவே நிதியம் வந்தது. அதன் பணத்தில் பெரும்பகுதி உறுப்பு நாடுகள் விரும்பித் தரும் கொடை. குற்றவாளிகளிடமிருந்து அபராதமாகவும் பறிமுதலாகவும் வருவது சொற்பம். குற்றவாளி வறியவரானால் அவருக்கு மாறாகப் பணம் தருவதா வேண்டாமா என்பதை நிதியத்தின் வாரியமே முடிவு செய்யும். போகோரோவுக்கு வாரியம் முழுத் தொகையையும் தர இசைந்தது. நெதர்லாந்து அரசும் இதற்கென 2,00,000 யூரோ கொடுத்தது.

பணம் கொடையாளரிடமிருந்து வந்தால் அது இழப்பீடா, தர்மமா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. இழப்பீட்டில் ஒப்புதல் இருக்கிறது: உனக்குத் தீங்கு செய்தேன், இதைத் தரக் கடமைப்பட்டவன் என்ற ஒப்புதல். நிவாரணத்தில் அது இல்லை. முந்தைய லுபாங்கா வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதிகள் 2015-இல் இதற்கு ஒரு பதில் வகுத்தார்கள். குற்றவாளி வறியவர் என்பது அவர் மீது பொறுப்பைச் சுமத்தத் தடையில்லை. நிதியம் பணம் தந்தாலும் அவர் கடன் தீர்வதில்லை. பின்னாளில் சொத்து வந்தால் நிதியத்துக்கு அவர் திருப்பித் தர வேண்டும். நிதியம் தருவது முன்பணம், கடனாளி மாறவில்லை. நடைமுறையில் அந்தப் பணம் ஒருபோதும் திரும்பாமல் போகலாம். ஆனாலும் இந்த நிலைப்பாடு காக்கப்பட வேண்டியது. கடன் யாருடையது என்று ஆணை சொல்லாவிட்டால், பெறுபவர் கையில் எஞ்சுவது உதவித்தொகை மட்டுமே.

297 பேருக்கும் தலைக்கு 250 டாலர் அடையாள இழப்பீடாக வழங்கப்பட்டது. எஞ்சிய பணம் வீட்டு உதவி, பிள்ளைகளின் படிப்பு, வருவாய் தரும் தொழில், மனநல ஆதரவு ஆகிய கூட்டு உதவிகளுக்குப் போனது. 8,000 டாலர் என்று மதிப்பிட்ட துயரத்தின் பக்கத்தில் 250 சிறிய எண்தான். ஆனால் அந்தத் தொகையை இழப்பின் விலையாக நீதிபதிகள் முன்வைக்கவில்லை. சில கருவிகளோ கால்நடையோ வாங்கவும், சிறு தொழில் தொடங்கவும் உதவக்கூடிய தொகை என்றே எண்ணினார்கள். இழப்பீட்டுப் பணிகள் 2024-இல் முடிந்தன. தாக்குதலின்போது பத்து வயதான சிறுமிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவள் இழந்த பள்ளிப்படிப்பை எந்தக் கல்வி உதவியாலும் திருப்பித் தர முடியாது. இந்தத் தாமதம் தொகையின் சிறுமையைவிடப் பெரிய அநீதி. விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக அலசியது காலத்தை விழுங்கியது என்று மேல்முறையீட்டு நீதிபதிகளே 2018-இல் குறை கண்டனர்.

இன்னொரு குறை ஆணைக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது. போகோரோவில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அக்குற்றங்களில் கட்டாங்கா விடுவிக்கப்பட்டதால், அதே ஊரில் அதே நாளில் துன்புற்றும் அந்த வன்முறைக்காக இழப்பீடு கேட்க அவர்களுக்கு வழியில்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் நடந்த குற்றங்களுக்கான பெம்பா வழக்கில் 5,000-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோர் பங்கேற்றனர். 2018-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானதும் அவர்கள் எல்லோருக்குமான இழப்பீட்டு வழி அன்றே அடைபட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரிடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது சரியே. அதற்காகக் காயம் இல்லாமல் போய்விடாது. நிதியத்தின் இரண்டாவது பணி இங்கே உதவுகிறது: தீர்ப்பை எதிர்பாராமல், நீதிமன்றம் விசாரிக்கும் சூழல்களில் பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ, மனநல, வாழ்வாதார உதவி தருவது. பெம்பா விடுதலையான பின் நிதியம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இப்பணியைத்தான் கையில் எடுத்தது. கொடையாளர் பணத்துக்கு மிகப் பொருத்தமான பயன் இதுவே. இங்கே யாருடைய கடனும் யாருடைய தலையிலும் மாற்றி வைக்கப்படுவதில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் நாடுகளின் விருப்பக் கொடையை நம்பி நிற்கிறது. 2024 பிப்ரவரியில் உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் வழக்கில் சுமார் 49,772 பேருக்காக 5.24 கோடி யூரோ இழப்பீட்டு ஆணை பிறந்தது. அவரிடமும் பணமில்லை, நிதியத்தின் கையிருப்போ அந்தத் தொகையை எட்டாது. ரோம் சட்டத்தில் கையொப்பமிட்டு இழப்பீட்டு உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு வாக்களித்தவை அரசுகளே. ஆகவே நீதிபதிகளின் சம்பளத்துக்கும் சிறைக்கூடத்துக்கும் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் கட்டாயப் பங்கு செலுத்துவதைப்போல, நிதியத்துக்கும் கட்டாயப் பங்கு செலுத்த வேண்டும்.