வயதைக் கேட்காதீர்கள், மூக்கைச் சோதியுங்கள்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போர்மேன் வேலை கேட்டு, ஓய்வு பெற்ற ஒருவர் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்திரண்டு. இளம் முதலாளியின் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான்: “அண்ணாச்சி, வயசாச்சே, இனிமே முடியுமா?” வந்தவர் சொல்லும் பதிலும் நமக்குத் தெரிந்ததுதான்: “முப்பது வருசமா இந்த மருந்துலதான் கெடக்கேன் மொதலாளி. ஒரு சின்ன விபத்து கெடையாது.”

இந்தக் கேள்வி ஒரு மூடநம்பிக்கை. இந்தப் பதிலும் ஒரு மூடநம்பிக்கை. இரண்டையும் வைத்து ஓர் ஆளை வேலைக்கு எடுப்பதும் தள்ளுவதும், ஜாதகக் கட்டத்தைப் பார்த்து எடுப்பதற்குச் சமம். கட்டத்துக்கும் மருந்து அறைக்கும் எவ்வளவு தொடர்போ, பிறந்த ஆண்டுக்கும் மருந்து அறைக்கும் அவ்வளவு தொடர்புதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இந்தத் தொழிலில் யாரை விடக்கூடாது என்று சொல்கின்றன: 18 வயது நிறையாதவர், போதையில் இருப்பவர், மனநிலை சரியில்லாதவர். மேல் வயதுக்கு ஒரு கோடும் அதில் போடப்படவில்லை. வருங்கால வைப்புநிதியின் 58 வயது என்பது ஓய்வூதியக் கணக்குக்காக வகுத்தது. அது கையின் நடுக்கத்தையோ கண்ணின் கூர்மையையோ அளந்து போட்ட எண் அன்று. அந்த எண்ணைக் கொண்டுவந்து மருந்து அறையின் வாசலில் தொங்கவிட்டது நாம்தான்.

முதலாளியின் பயத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இது: தீப்பிடித்தால் வயதானவரால் ஓட முடியாது. நியாயமான பயம் போலத் தெரிகிறது. ஆனால் எந்தத் தீயிலிருந்து ஓடுவது? வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவை பற்றிக்கொண்டால், கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருக்கும். இருபத்தைந்து வயதுக்காரனின் காலும் அந்த நேரத்தில் ஓர் அடி எடுத்து வைத்திருக்காது. கலவை அறையில் உயிரைக் காப்பாற்றுவது ஓட்டம் இல்லை. பற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்த முடிவு காப்பாற்றும். அறைக்குள் நான்கு பேருக்கு மேல் விடாத முடிவு, கலந்த மருந்தை அன்றன்றைக்கே முடிக்கும் முடிவு, ‘இன்னைக்கு இந்த ரூம் ஓடாது’ என்று கதவைச் சாத்தும் முடிவு.

ஓட்டம் பயன்படும் இடங்களும் உண்டு. மருந்து குறைவாகவும் காகிதமும் அட்டையும் கூடுதலாகவும் இருக்கும் அறைகளில், பக்கத்து அறையில் தீ தெரிந்தால் வெளியேறச் சில நொடிகள் கிடைக்கும். அங்கே முழங்கால் முக்கியம்தான். அதற்கு வயதைக் கேட்க வேண்டியதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள், கையை ஊன்றாமல் எழுந்து கதவைத் தாண்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அறுபத்திரண்டில் எழுந்துவிடுகிறவரும் உண்டு, நாற்பதில் சுவரைப் பிடிக்கிறவரும் உண்டு. முதியவரே கூச்சப்படாமல், “உக்காந்து எந்திரிச்சுக் காட்டுறேன், பாருங்க” என்று சொல்ல வேண்டும். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வருவதைவிட அது மேல்.

முழங்காலைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதே இல்லை. அது மூக்கு.

அலுமினியத் தூளும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் ஒரு வேதிமாற்றம் தொடங்கும். அலுமினியம் ஈரத்தோடு வினைபுரிந்து, வெடியுப்பில் உள்ள நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா காரத்தன்மை உடையது. காரம் ஏற ஏற வினை இன்னும் வேகமாகும், சூடு கூடும், கூடிய சூடு வேகத்தை மேலும் கூட்டும். யாரும் தொடாமல், உரசாமல், மூடி வைத்த கலவை தானாகவே பற்றும் நிலைக்கு வருவது இப்படித்தான். இதைத் தடுக்கத்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும் காலை வேளையில், முந்தின நாள் மிச்சம் வைத்த மருந்து இருக்கும் அறைக்குள் நுழைகிறவருக்கு இரண்டே எச்சரிக்கைகள் உண்டு: சிறுநீர்க் கழிப்பிடத்தில் வருவது போன்ற அந்த நெடி, கலவைக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனால் தெரியும் கதகதப்பு.

இங்கேதான் வயது உண்மையாகவே ஒரு வேலையைச் செய்கிறது. அறுபதுக்கு மேல் பலருக்கு மோப்பம் குறைகிறது. கண் மங்கினால் தெரியும், காது மந்தமானால் வீட்டார் சொல்லிவிடுவார்கள். மோப்பம் மெல்லக் குறைவது பெரும்பாலும் அந்த ஆளுக்கே தெரியாது. முப்பது ஆண்டுகள் அந்த நெடியை அறிந்தவர், அது இன்னும் தனக்கு எட்டுகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் கொரோனா காய்ச்சலில் மோப்பத்தை இழந்து முழுதாகத் திரும்பப் பெறாத இளைஞர்களும் இருக்கிறார்கள். எனவே சோதனை எல்லோருக்கும் வேண்டும். கண்ணை மூடவைத்து, ஒரு மூக்குத் துளையை அடைத்து, காப்பித்தூள், ஏலக்காய், சோப்பு என்று ஒவ்வொன்றாக நீட்டுவது முதல் கட்டச் சோதனை. தடுமாறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வேலை தேடும் முதியவர் இதைத் தானே செய்துகொண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போகலாம். கண்ணாடியின் பவர், கண்புரை இல்லை என்ற சான்று, இதோடு மூக்கின் சான்று. “முடியுமா?” என்ற கேள்விக்குத் தன்னம்பிக்கையான பதில் என்றால் இதுதான். மார்பை நிமிர்த்திப் பேசுவதால் தன்னம்பிக்கை வந்துவிடாது, சோதித்துத் தெரிந்துகொண்டதால் வரும்.

இனி அந்தப் பதிலுக்கு வருவோம். முப்பது வருசமாக விபத்து இல்லை என்பது எதற்கும் சான்று ஆகாது. நேர்காணலுக்கு வர முடிந்தவர்கள் எல்லோருமே பிழைத்தவர்கள். அதே முறையில் வேலை பார்த்து இறந்தவர்கள் விண்ணப்பம் போடுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அந்தந்த நாளின் காலை வரை அந்த ஆலைகளிலும் ‘இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகல’ என்ற வாக்கியம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அனுபவம் என்ற பெயரில் சிலர் சேர்த்துவைத்திருப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை முதலீடாகக் காட்டி வேலை கேட்பது நேர்மை ஆகாது.

விருதுநகர்க்காரர்கள் இந்த இடத்தில் காமராசரை இழுப்பதும் உண்டு. 1967-இல் சொந்த ஊரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றவர், 1969-இல் அறுபத்தைந்து வயதில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று பெரும் வித்தியாசத்தில் வென்றார். உண்மைதான். ஆனால் ஒரு பெரிய மனிதரால் முடிந்தது என்பது இன்னொருவரால் முடியும் என்பதற்குச் சான்றாகாது. வேலை கேட்டு வந்து நிற்கிறவரின் சான்று அவரிடமே இருக்க வேண்டும்.

அந்தச் சான்று எப்படி இருக்கும்? முதலாளி கேட்க வேண்டிய கேள்வி, “கடைசியா எப்ப வேலைய நிறுத்துனீக?” என்பது. நம் அறுபத்திரண்டு வயதுக்காரர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: “தீவாளிக்கு மூணு வாரம் இருக்கும். காலைல ரூமத் தொறந்தா நெடி அடிச்சுச்சு. முந்துன நாள் மருந்து மிச்சம் இருந்துருக்கு, எனக்குச் சொல்லல. எதையும் தொடல. பக்கத்து ரூம் ஆளுக உட்பட எல்லாரையும் வெளிய கொண்டுபோய்த் தள்ளி நிறுத்திட்டு, மேனேஜருக்கு ஆள் விட்டேன். அன்னைக்குப் பாதி நாள் வேலை போச்சு.” இந்தப் பதிலை ஆராயலாம். கலவையைக் கிளறாமல் விட்டது சரி. முதலில் ஆட்களை வெளியேற்றியது சரி. மாறாக, “கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஆத்திட்டேன்” என்று சொல்லியிருந்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அவரை எடுக்கக்கூடாது. சூடேறிய கலவையில் தெளித்த கொஞ்சத் தண்ணீர் அந்த வினைக்கு இன்னும் ஈரத்தைக் கொடுக்கும்.

அடுத்த கேள்வி பேரியம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியையும் தடுத்தது. பழைய போர்மேன்களின் மனக்கணக்கில் பல சரக்குகள் பேரியம் நைட்ரேட்டை வைத்தே நிற்கின்றன. அந்த அறிவு இனி ஆலையில் செல்லாது. பசுமைப் பட்டாசின் கலவை அளவுகளைப் புதிதாகப் படித்தாக வேண்டும். “அது எனக்குப் புதுசு. பயிற்சிக்கு அனுப்புங்க, முடிச்சுட்டுத்தான் ரூமுக்குள்ள போவேன்” என்று சொல்கிற முதியவரை நம்பலாம். “எல்லாம் பழைய மருந்துதான், பேர மாத்திருக்காங்க” என்கிறவரிடம் எந்த அறையையும் கொடுக்கக்கூடாது.

இதுவரை முதியவரைச் சோதித்தோம். முதலாளியையும் சோதிக்க வேண்டும். விபத்து நடந்தால் காவல்துறை வழக்கில் உரிமையாளர் பெயரோடு போர்மேன் பெயரும் சேர்கிறது. எனவே வேலைக்குத் திரும்புகிற முதியவர் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அறையை மூட எனக்கு அதிகாரம் இருக்கிறதா, அதை எழுதித் தருவீர்களா? ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், போர்மேன் ‘வேண்டாம்’ என்று சொன்ன அறையை இன்னொருவர் திறந்துகொள்வார். அங்கே முதியவரின் போர்மேன் சான்றிதழ் மட்டும்தான் தேவைப்படுகிறது, அவருடைய மூளை தேவைப்படவில்லை. அந்த வேலையை மறுப்பதுதான் அறம்.

மறுக்க முடியுமா என்பதுதான் கசப்பான பகுதி. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முதலாளியிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ‘இந்த வயசுல உங்களுக்கு வேலை கொடுக்குறதே பெருசு’ என்று சொல்லி முன்பு இருந்த போர்மேனைவிடக் குறைத்துக் கொடுக்கிறவர், ஓர் ஆளைப் பயமுறுத்தி மலிவாக வாங்குகிறார். பயந்த ஆளால் அறையை மூட முடியாது. எனவே முதியவருக்கு முழுச் சம்பளம் கொடுப்பதைத் தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது ஆலையின் பாதுகாப்புச் செலவு.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். குழாய் சுருட்டுகிற, திரி வைக்கிற, பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிற அறுபது வயதுப் பெண்களிடம் “வயசாச்சே, முடியுமா?” என்று எத்தனை ஆலையில் கேட்டார்கள்? சுருட்டிய குழாய்க்குக் கூலி, சுருட்டாததற்கு இல்லை, அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மாதச் சம்பளமும் பொறுப்பும் உள்ள வேலைக்கு மட்டும்தான் வயது குறுக்கே வருகிறது. எந்த அறையில் எந்த நேரத்தில் காற்று ஈரமாக இருக்கும், எந்த மேற்பார்வையாளர் ஐந்தாவது ஆளை உள்ளே விடுவார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி மோப்பச் சோதனையில் தேறி, சிவகாசியின் தொழிலகப் பாதுகாப்புப் பயிற்சி மையத்தில் படித்து முடித்து, போர்மேன் வேலைக்கு விண்ணப்பம் போட்டால், அவள் வயதைச் சொல்லித் தள்ளப்போகிறோமா, வேறு காரணம் தேடப்போகிறோமா?