பின்னாலிருந்து வரும் மணி

லண்டனின் கால்வாய்க் கரைப் பாதைகளில் எதிரே ஓடிவருபவருக்குத் தலையசைப்பது எளிது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம். ஒதுங்க இருவருக்கும் நேரமிருக்கிறது. பின்னாலிருந்து வரும் சைக்கிளில் இந்தச் சமத்துவம் இல்லை. ஓட்டுபவருக்கு நடப்பவர் தெரிகிறார். நடப்பவருக்கு எதுவும் தெரியாது. அப்போது ஒலிக்கும் மணி வணக்கமா, கட்டளையா?

பாதிப் பதில் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள், 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவரை நொடிக்குச் சுமார் 4 மீட்டர் நெருங்குகிறது. 5 மீட்டரில் மணியடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு நொடிதான். திடுக்கிட்டு சைக்கிளின் குறுக்கேகூடத் துள்ளிவிடலாம். 25 மீட்டரில் அடித்தால் 6 நொடி. திரும்பிப் பார்க்கலாம், குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

மீதிப் பதில், அவர் விலகாதபோது தெரியவரும். லாரியின் முதுகிலேயே ‘ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதியிருக்கும் இந்தியச் சாலைகளில் வளர்ந்தவர்களுக்கு, ஒலி எழுப்பியதும் கடமை முடிந்துவிட்டதாகத் தோன்றும். பிரிட்டனின் சாலை விதிநூல் 63ஆம் விதியில் மணியடிக்கவோ மரியாதையாகக் குரல் கொடுக்கவோ சொல்கிறது. கூடவே, பாதையில் காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் இருக்கலாம் என்றும் நினைவூட்டுகிறது. ஆக, மணி தகவல் தருகிறது, வழியுரிமை தருவதில்லை. பதில் வராதபோது இன்னொரு முறை ஓங்கி அடித்தால் அது கட்டளை. பிரேக்கைப் பிடித்து, நடை வேகத்துக்கு இறங்கினால் அதுவே வணக்கம்.

கடக்கும்போது சொல்லும் ‘தேங்க்ஸ்’ வெறும் நாகரிகம் அல்ல. விலகியவர் தந்தது நமக்குச் சேரவேண்டிய பாக்கி இல்லை என்று ஒப்புக்கொள்வது அது.