கழுத்தில் இல்லாத சங்கிலி

காவிரி டெல்டாவில் பயிர்த்தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு 2016ஆம் ஆண்டு எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று. ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை அவ்வாண்டு திறக்கப்படாமையால் குறுவை கைநழுவிற்று. செப்டம்பரில் விடப்பட்ட தண்ணீரை நம்பிச் சம்பா விதைத்தவர்களை, வழக்கத்தில் பாதிகூடப் பெய்யாத வடகிழக்குப் பருவமழை கைவிட்டது.

மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் மூன்று ஏக்கர் நிலமுள்ள ஒரு குடும்பத்தின் கதை இது. தை பிறந்தும் அறுவடை இல்லையென்று நிச்சயமான இரவு, பிளஸ் டூ படிக்கும் மகள், தாய் சொல்லச் சொல்ல மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதினாள். காப்பிப்பொடி பாதியாயிற்று, கேபிள் நின்றது, மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்கும் வழக்கத்தை விட்டு, வாரச் சாமான்களை ரொக்கத்துக்கு வாங்குவதென்று தீர்மானமாயிற்று. இத்தனை பிரயாசைக்கும் மாதம் ஐந்நூறு ரூபாய்தான் மிஞ்சுமென்று தெரிந்து, எல்லோரும் மௌனமாயிருந்த வேளையில், மகள் கடைசி வரியைப் படித்தாள்: அடகுக் கடை வட்டி, 800 ரூபாய்.

மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை ஊர் மெச்ச நடத்துவதற்காக, பாட்டியின் மூன்று பவுன் சங்கிலியை இரண்டு வட்டிக்கு வைத்து வாங்கிய 40,000 ரூபாய்க்கான வட்டி அது. இரண்டு வருஷத்தில் கட்டிய வட்டி 19,200 ரூபாய். அசலிலோ ஒரு ரூபாயும் குறைந்தபாடில்லை. விற்றுவிடலாமென்று சொல்லத் தகப்பனுக்கு நா எழவில்லை. தாயின் நகையை விற்றவனென்ற பெயர் எந்த வறட்சியையும்விட அவருக்குக் கொடிதாக இருந்தது. பாட்டிதான் பேசினாள்: "அது என் கழுத்திலும் இல்லை, உன் பெண்டாட்டி கழுத்திலும் இல்லை. எவனோ பெட்டியில் கிடக்கிறதுக்கு நாம எதுக்குப்பா வாடகை கொடுக்கணும்?"

மறுநாள் மைத்துனரிடம் கைமாற்று வாங்கி நகையை மீட்டு, அன்றைக்கே விற்று, பொழுது சாய்வதற்குள் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சிய தொகையில் மளிகைப் பற்று தீர்ந்தது. மீதம் பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைக்கும் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் என்று தனியே வைக்கப்பட்டது. அந்த வருஷம் முழுவதும், பணமுடை எவ்வளவு நெருக்கியபோதிலும், அவர்கள் கைவைக்காதவை அந்த இரண்டும், பரண்மேல் இருந்த விதைநெல்லுந்தான். குடும்ப கௌரவமென்று இத்தனை காலம் எண்ணியிருந்தது அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்பதைத் தகப்பன் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தார். உணர்ந்தபோது அவருக்கு வருத்தம் தோன்றவில்லை, மனத்தில் ஒரு பாரம் இறங்கிற்று.

2017 அக்டோபரில் அணை திறந்து, அந்தச் சம்பா ஓரளவு கைகொடுத்தபின், தன் தாய்க்கு மீண்டும் ஒரு சங்கிலி செய்துபோட அவர் ஆசைப்பட்டார். பாட்டி அதற்கு இணங்கவில்லை. பேத்தியின் இரண்டாம் வருஷக் கட்டணத்தை முதலில் கட்டிவிட்டு வரச் சொன்னாள்.