கால் எரிச்சலும் 31 சொடுக்குகளும்

துவாஸ் லிங்க் ரயில் நிலையத்தோடு கிழக்கு மேற்கு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் லாரிகளும் பட்டறைகளும் விடுதிகளும்தான். அங்கே ஒரு கம்பெனியில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய யூட்யூப் சேனல் நடத்துகிறேன். வெல்டிங், சாரம், பெயின்டிங் வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்களுக்கு விடுதி வாழ்க்கையில் உதவும் பொருட்களைப் பற்றிய சேனல் அது. வீடியோவுக்குக் கீழே விவரப் பகுதியில் பொருளின் லிங்க் இருக்கும். அதைச் சொடுக்கி யாராவது வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும். இதையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுவேன். சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்தின் வழிகாட்டியும் வணிகத் தொடர்பை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

ஆனால் கமிஷனை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் மட்டும் மனசாட்சி சுத்தமாகிவிடுமா? சென்ற ஆண்டு ஒரு வீடியோவின் சொடுக்குக் கணக்கைப் படித்தபோது எழுந்த கேள்வி இது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

அந்த வீடியோவில் இரண்டு பொருட்கள். ஒன்று, கட்டிலின் கம்பியில் மாட்டும் கிளிப் ஃபேன். முதல் நிமிடத்திலேயே நான் அதைக் காட்டி, விலை, காற்று, சத்தம் எல்லாவற்றையும் நன்றாகப் புகழ்ந்திருந்தேன். இன்னொன்று சேஃப்டி ஷூவுக்குள் போடும் இன்சோல். ஏழாவது நிமிடத்தில், புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ராத்திரி ஷூவக் கழட்டுனா பாதம் எரியும்ண்ணே, தண்ணியில வச்சுட்டுத்தான் தூங்குவேன். இதப் போட்டப்புறம் எரியல. ஆனா மழையில நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது, அது ஒரு தொல்லை." அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஃபேனுக்கு 42 சொடுக்குகள், இன்சோலுக்கு 31. மேலோட்டமாகப் பார்த்தால் என் புகழ்ச்சி ஜெயித்த மாதிரி இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சொடுக்கை மொத்தப் பார்வையாளர்களால் வகுக்கக் கூடாது. அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்களால் வகுக்க வேண்டும். யூட்யூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கோடு காட்டும். என் வீடியோவை 2,400 பேர் பார்த்தார்கள். முதல் நிமிடத்தில் அவர்களில் 70 சதவீதம் இருந்தார்கள், அதாவது 1,680 பேர். ஏழாவது நிமிடத்தில் 25 சதவீதம், அதாவது 600 பேர். ஆக, ஃபேனைப் பற்றிக் கேட்ட நூறு பேரில் இரண்டரைப் பேர் சொடுக்கினார்கள். இன்சோலைப் பற்றிக் கேட்ட நூறு பேரில் ஐந்துக்கும் மேல்.

இன்னொரு சந்தேகமும் தீர வேண்டும். விவரப் பகுதியில் முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். மீதியைப் பார்க்க விரித்தாக வேண்டும். மேலே இருக்கும் லிங்க் தன் இடத்தாலேயே கூடுதல் சொடுக்கு வாங்கும். ஃபேன் மேலே இருந்தது. ஆகவே வரிசையை மாற்றி இன்சோலை மேலே வைத்தேன். ஒவ்வொரு லிங்குக்கும் தனித் தனி அடையாளக் குறி போட்டிருந்ததால், வீடியோ, பொருள், இடம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. குறி போடாமல் ஒரே லிங்கை எல்லா வீடியோவிலும் ஒட்டுகிறவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு மொத்த எண்தான் கிடைக்கும். அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அடுத்து வந்த 1,000 பார்வைகளில், அதே கோட்டின்படி ஃபேனைக் கேட்ட 700 பேரில் 11 சொடுக்குகள், இன்சோலைக் கேட்ட 250 பேரில் 16. மேலே போனதால் இன்சோல் கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஃபேன் இறங்கியிருக்கலாம். ஆனால் கீழே கிடந்தபோதும் ஜெயித்தது இன்சோல்தான்.

இத்தனை சிறிய எண்களை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஒரு கைக்கணக்கு உண்டு. சொடுக்கின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால், தற்செயலாக எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது தோராயமாகத் தெரியும். 9 சொடுக்கு என்றால் முன்பின் 3. 14 என்றால் முன்பின் 4. எனவே ஒன்பதுக்கும் பதினான்குக்கும் நடுவே வித்தியாசம் கண்டுபிடித்துக் கதை கட்டுவது வீண். 31க்கும் 42க்கும் முன்பின் ஆறேழு போட்டுப் பார்த்தேன். இரண்டு விகிதங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. தம்பியின் பேச்சு நிஜமாகவே ஆட்களை அசைத்திருக்கிறது.

வாங்கியவர்கள் நான்கு பேர் என்றது கடையின் அறிக்கை. இந்த எண்ணைச் சொடுக்கைவிட எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் கடைசியாக எந்த லிங்க் வழியே வந்தாரோ அதற்குத்தான் கமிஷன் போகும். அமேசானில் பொதுவாகச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட வேண்டும். இன்று பார்த்துவிட்டுச் சம்பள நாளில் வாங்குகிறவர் என் கணக்கில் வரமாட்டார். நடுவில் வேறொருவர் குறி வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான். ஹனி என்ற கூப்பன் நீட்சி, காசு கட்டும் நேரத்தில் யூட்யூபர்களின் குறியை அழித்துத் தன் குறியைப் போடுகிறது என்று 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூட்யூபர் வெளியிட்ட குற்றச்சாட்டு வழக்குகள் வரை போனது. ஆகவே எது ஒருவரை அசைத்தது என்று அறிய வாங்கிய எண்ணைவிடச் சொடுக்கே மேல் என்பது என் அனுபவம். அதிலும் ஒன்று கழிக்க வேண்டும்: லிங்கை வாட்ஸ்அப்பில் பகிரும்போது முன்னோட்டம் எடுக்க வரும் இயந்திரத்தையும் சில சுருக்க லிங்குகள் ஒரு சொடுக்காக எண்ணிவிடும். ஒரே நொடியில் கொத்தாக வந்த சொடுக்குகளை நான் எண்ணுவதில்லை.

கணக்கு சொன்ன பாடம் எளிமையானது. புகழ்ச்சி ஆளை அசைக்கவில்லை. ஒரு வலியைப் பெயர் சொல்லி, பொருளின் குறையையும் சேர்த்துச் சொன்ன பேச்சு அசைத்தது. "காயாது, தொல்லை" என்றதால்தான் "எரியல" என்றதை நம்பினார்கள்.

என் சறுக்கல் இதற்குப் பிறகுதான். அடுத்த வீடியோவுக்கு அதே தம்பியை உட்கார வைத்து, கேமராவைப் போட்டுவிட்டு, "தம்பி, அந்தக் கால் எரிச்சலப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க, அந்தக் காயாத விஷயத்தையும் சொல்லுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"இப்பத்தான் எரியலையேண்ணே. எரியுற மாதிரி சொல்லணுமா?"

கேமராவை நிறுத்திவிட்டேன்.

தீங்கு தராத சொல்லே வாய்மை என்றார் வள்ளுவர். அந்த அளவுகோலால் பார்த்தால் நான் கேட்டதில் பிழை இல்லை. அவருக்கு எரிந்தது நிஜம், இன்சோல் உதவியது நிஜம், காயாததும் நிஜம். அதே வார்த்தைகளை மறுபடி சொன்னால் யாருக்கும் தீங்கு இல்லை. இருந்தும் ஏதோ கெட்டுப்போனது. முதல் தடவை அவர் குறையைச் சொன்னது குறை இருந்ததால். இரண்டாம் தடவை நான் குறையைச் சொல்லச் சொன்னது, குறை சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதால். வார்த்தை ஒன்றுதான், பேசுகிறவன் யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பது மாறிவிட்டது. பேச்சின் பலன் தெரிந்த பிறகு அதே பேச்சைக் கள்ளமில்லாமல் பேச முடியுமா? தாய் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது தூங்க வைக்கத்தானே, பலன் தெரிந்துதானே பாடுகிறாள் என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனால் தாலாட்டின் பலன் குழந்தைக்குப் போகிறது. என் வாக்கியத்தின் பலன் எனக்கு வருகிறது.

அதிலும் ஒரு முள். அந்த நான்கு விற்பனையின் கமிஷன் தம்பியின் வாக்கியத்தால் வந்தது. அவருக்கு அதில் பங்கு தர முடியாது. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் முதலாளியிடம் தவிர வேறு இடத்தில் சம்பாதிக்கக் கூடாது. கூலி என்று கொடுத்தால் சிக்கல் அவருக்குத்தான். சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். அது பங்கு ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றிரவு அந்த 31ஐத் திரும்பப் பார்த்தேன். அதுவரை அதை 31 வாடிக்கையாளர்களாகப் படித்திருந்தேன். ஒருவரே இரண்டு முறை சொடுக்கியிருக்கலாம், வீட்டுக்காரருக்காக ஊரிலிருந்து மனைவி சொடுக்கியிருக்கலாம். எப்படி எண்ணினாலும் அவை பாதம் எரிகிற மனிதர்களின் சொடுக்குகள். நானோ பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். பாதம் எரிவதற்கு முதல் காரணம் இன்சோல் இல்லாததல்ல, அளவு சேராத ஷூ என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மொத்தமாக ஷூ கொடுக்கும்போது தன் அளவு தீர்ந்துபோனால் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறவர் ஏராளம். அகலப் பாதத்துக்காரர் ஒரு எண் பெரிதாக வாங்குவார். கால் உள்ளே வழுக்கி, உரசி, எரியும். அதற்கு மேல் இன்சோல் போட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், உரசலின் காரணம் போகாது. இங்கே பாதுகாப்புச் சாதனத்தைக் கம்பெனிதான் தர வேண்டும், அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. உரிமையாகக் கிடைக்க வேண்டிய தீர்வுக்குப் பதிலாக, சொந்தக் காசில் ஒரு ஒட்டுவேலையை நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீடியோவில் இன்சோலைக் கடைசியில்தான் சொன்னேன். முதலில், மாலையில் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் காகிதத்தின் மேல் நின்று பாதத்தை வரைந்து, நீளமும் அகலமும் அளக்கச் சொன்னேன். ஷூவைப் போட்டு நின்றால் விரல் முன்தகட்டில் இடிக்கக் கூடாது, நடந்தால் குதிகால் மேலே எழும்பக் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தால் சூப்பர்வைசரிடம் அளவு மாற்றிக் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. அளவு சரியாகியும் எரிந்தால் மட்டும் இந்த லிங்க். அப்படியும் அடங்காமல் இரவில் எரிகிறதென்றால் சர்க்கரை இருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள் என்றும் சேர்த்தேன்.

இன்சோல் பேச்சைக் கேட்டவர்கள் ஏறக்குறைய முன்போலவே 600 பேர். சொடுக்கு 7.

எண்ணை மட்டும் படிக்கிறவனுக்கு இது தோல்வி. நானும் முதல் ஐந்து நிமிடம் வருத்தப்பட்டேன், மறைக்கவில்லை. கமிஷன் சின்னதாக இருந்தாலும் ஏறும் கோடு ஒரு போதை. ஆனால் அந்த ஏழில் இல்லாதவர்களை எண்ண எனக்கு எந்தக் குறியும் இல்லை. சூப்பர்வைசரிடம் போய் ஷூ மாற்றிக்கொண்டவர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார். என் பேச்சு நீளம் என்று சலித்து மூடியவரும் வரமாட்டார். இருவரும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரிகிறார்கள். சொடுக்கு, ஆள் அசைந்தாரா என்று சொல்லும். எந்தப் பக்கம் அசைந்திருக்க வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது நான்தான்.

இப்போதும் கணக்கைப் படிக்கிறேன். எதைப் பற்றி விளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த 31 இல்லாவிட்டால் எங்கள் ஆட்களின் பாதங்களைப் பற்றி நான் யோசித்தே இருக்க மாட்டேன். எப்படிப் பேச வேண்டும் என்று அதனிடம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் அந்தத் தம்பி பவர் பேங்க் ஒன்றைக் காட்டி, "வெயிட்டுதான்ண்ணே, ஆனா நல்லாருக்கு" என்றார். குறையோடு சொல்கிறார், நன்றாகப் போகும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.