சுத்தியலுக்கு அடியில் நகை

பாகூர் பக்கம் ஒரு விவசாயிக்கு நகைக்கடன் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில். (ஏன் தமிழில் இல்லை என்பதை வேறொரு வாரம் பேசலாம்.) ப்ளஸ் டூ படிக்கும் மகள்தான் படித்துச் சொல்லவேண்டும்.

'ஷுட் யூ ஃபால் பிஹைண்ட், வீ வில் பி லெஃப்ட் வித் நோ ஆப்ஷன் பட் டு புட் தி ஜுவல்ஸ் அண்டர் தி ஹாமர்.'

எல்லாம் சின்ன வார்த்தைகள். அதுதான் வில்லங்கம். 'ஷுட்' என்றால் 'வேண்டும்' என்று படித்தவளுக்கு அது இங்கே 'இஃப்' என்பது தெரியாது. ஹாமர் சுத்தியல், நகையை நசுக்கிவிடுவார்களா? டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், 1953-ல் சுமார் 2000 வார்த்தைப் பட்டியல் போட்டபோது வார்த்தைகளின் அர்த்தங்களுக்குத் தனித்தனியாக எண்ணிக்கை கொடுத்தது இதனால்தான்.

மாற்றி எழுதுவோம். 'மார்ச் 10-க்குள் பணம் கட்டுங்கள். கட்டாவிட்டால் வங்கி உங்கள் நகையை ஏலத்தில் விற்கும்' என்று எளிய இங்கிலீஷில், இரண்டு வாக்கியம்.

இப்போது தர்மசங்கடம். தேதி மூலத்தில் இல்லை, நான் போட்டது. 'விற்கும்' என்பதா, 'விற்கலாம்' என்பதா? 'வேறு வழியில்லை' என்ற நாசூக்கு, முடிவெடுப்பவரை மறைத்துவிட்டது. 'வில்', 'மே' இரண்டில் எது என்று எளிமைப்படுத்துபவர் தன்னிஷ்டத்துக்குத் தீர்மானிக்கக்கூடாது, எழுதியவரைத்தான் கேட்கவேண்டும்.

அப்புறம் வில்லியனூரில் இன்னொரு பெண்ணிடம் கொடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டுவாள். "எப்போ, எவ்வளவு கட்டணும்? கட்டலைன்னா யாரு என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள்.

'எவ்வளவு'க்கு அவளிடம் பதில் இருக்காது. நோட்டீஸிலும் இல்லை.