மகன் பெயரில் வந்த பார்சல்

தை மாதத்து ஒரு காலை. ஹேர்னிங்கில் ஏழு மணி, சாவகச்சேரியில் பதினொன்றரை. அம்மா தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னா: "தம்பி, நீ அனுப்பின பார்சல் வந்திட்டுது. ஆறாயிரத்து எண்ணூறு ரூபா குடுத்துப்போட்டன். ஏன்ரா, உள்ளுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடுதான் கிடக்கு?"

நான் எதையும் அனுப்பவில்லை.

டென்மார்க்கில் இருக்கிற எங்கள் சனம் இன்றைக்கே ஊருக்கு ஒரு அழைப்பு எடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளையின் பெயர் ஒட்டிய பெட்டிக்கு எங்கள் தாய் தகப்பன் விலை பேசமாட்டார்கள், திறந்து பார்க்கமாட்டார்கள், பேசாமல் காசை எடுத்து நீட்டுவார்கள். இந்த மோசடி ஓடுவதே அந்தப் பாசத்தில்தான். இங்கே வாசலில் காசு வாங்கும் பார்சலை நாங்கள் கண்டு எவ்வளவோ காலம். அதனால் ஊரில் இன்னும் அப்படித்தான் நடக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோகிறது.

அம்மாவிடம் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பெட்டியைக் குப்பையில் போடவேண்டாம் என்றும் சொன்னேன். அந்தச் சீட்டில் ஓடர் இலக்கமும் விற்றவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். பிறகு இணையக் கடையில் என் கணக்கைத் திறந்து பழைய ஓடர்களுக்குள் அந்த இலக்கத்தைத் தேடினேன். எல்லாரும் முதலில் செய்யவேண்டியது இதுதான். இலக்கம் உங்கள் கணக்கில் இருந்தால் யாரோ உங்கள் கணக்குக்குள் புகுந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரும் முகவரியும் மட்டும் எங்கேயோ கசிந்து, வேறொரு கணக்கிலிருந்து அனுப்பப்பட்டிருக்கிறது. இரண்டாவது வகை என்றால் கடவுச்சொல்லை எத்தனை தரம் மாற்றினாலும் பார்சல் நிற்காது. அங்கே வாசலில் திருப்பி அனுப்புவதும் கடைக்கு முறையிடுவதும்தான் வழி.

என்னுடையது முதல் வகை. ஓடர் பட்டியலில் மேலோட்டமாகப் பார்க்கத் தெரியவில்லை. மறைத்துவைத்த ஓடர்களுக்குள் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது இன்னும் வழியில். இரண்டும் ஒரே விற்பனையாளரிடம், டென்மார்க் நேரப்படி இரவு இரண்டு மணிக்குப் போட்டவை. அந்தக் காசு யாருடைய பைக்குப் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஊகிக்க முடியும்.

ஏன் என் வங்கி அட்டையைத் தொடவில்லை? தொட்டிருந்தால் பெரும்பாலும் மிட்ஐடியில் நான் ஒப்புதல் கொடுக்கவேண்டி வந்திருக்கும், உடனே தெரிந்திருக்கும். கேஷ் ஒன் டெலிவரிக்கு ஒப்புதல் கேட்க ஆளில்லை. கணக்கும் அதில் சேமித்துவைத்த முகவரியும் போதும். அம்மாவின் முகவரியை வசதிக்காகச் சேமித்து வைத்தவன் நானேதான்.

புகுந்த வழியையும் கண்டுபிடித்தேன், வெட்கமாக இருக்கிறது. போன கோடையில் ஊருக்குப் போனபோது ஒரு கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் அம்மாவுக்கு மின்விசிறி ஓடர் பண்ணினேன். வெளியேறாமல் எழும்பி வந்துவிட்டேன். கணக்கில் நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் அந்தக் கணினி ஆறு மாதமாக இருந்திருக்கிறது.

மூடுவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை மாற்றாதீர்கள். முதலில் மின்னஞ்சல். கடைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் அதை மீட்கும் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வரும்; மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் நீங்கள் பூட்டப் பூட்ட அவன் திறந்துகொண்டே இருப்பான். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு வடிகட்டி விதிகளையும் வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பையும் பாருங்கள். ஓடர் உறுதிக் கடிதங்கள் தானாகக் குப்பைக்குப் போக யாராவது விதி போட்டிருக்கலாம். அடுத்தது கடைக் கணக்கு: எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள், புதிய கடவுச்சொல் போடுங்கள், பதிந்திருக்கும் தொலைபேசி இலக்கம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். சேமித்த முகவரிகளை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு தரமும் தட்டச்சு செய்தால் கை தேயாது.

இன்னொன்று, இது கோபத்தோடு சொல்வது. ஒரு கணக்கை வைத்து முழுக் குடும்பமும் வாங்குகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. மச்சானுக்குக் கடவுச்சொல், சித்தியின் மகனுக்கு ஓ.டி.பி. நாளைக்கு ஒரு பிழை நடந்தால் யாரைச் சந்தேகிப்பது? புகுந்த வழியைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு நாள் நான் என் மச்சானைச் சந்தேகித்தேன். அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினவர்களுக்கும் சொல்கிறேன்: வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். மற்றவரின் கணக்கு உங்கள் கைபேசியில் திறந்து கிடக்கத் தேவையில்லை.

இதே கணக்குத் திருட்டு டென்மார்க்கில் நடந்தால் வாசலில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். பொருளைத் திருடன் பார்சல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான், பிறகு கட்டும் பில் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். போஸ்ட்நோர்ட் 2025 டிசம்பர் 30 அன்று கடிதம் விநியோகிப்பதை நிறுத்திவிட்டது. முன்பு கதவடியில் விழுந்த கடிதமே கண்ணில் படும். இப்போது நினைவூட்டல் நீங்கள் திறக்காத மின்னஞ்சலுக்குள் கிடக்கும். ஒரு கடனுக்கு மூன்று நினைவூட்டல்வரை, ஒவ்வொன்றுக்கும் 100 குரோனர்வரை கட்டணம் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 10 நாள் விடவேண்டும். அந்த நாட்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். "இதை நான் வாங்கவில்லை, இந்தக் கோரிக்கையை மறுக்கிறேன்" என்று கடைக்கு எழுத்தில் அனுப்பி, பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முறையாக மறுத்த கடனை வைத்து உங்களை ஆர்கேஐ கடனாளர் பட்டியலில் போட முடியாது. பேசாமல் இருந்தால் அந்தக் காப்பு இல்லை. politi.dk வழியாகப் பொலிசுக்கு முறையிடுங்கள். borger.dk-இல் kreditadvarsel என்று தேடினால், உங்கள் பெயரில் கடன் கொடுக்கவேண்டாம் என்ற எச்சரிக்கையை சிபிஆர் பதிவில் போடலாம். ஆனால் அது பூட்டு அல்ல. பதிவைப் பார்க்கிற கடன் நிறுவனம்தான் அதைக் காணும். பார்க்காத கடைக்கு அது தெரியாது.

ஊர் வாசலுக்குத் திரும்புவோம். அம்மாவுக்கு நான் கடவுச்சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விதி மட்டும் சொன்னேன்: நான் அனுப்பினால் காசு கட்டித்தான் அனுப்புவேன், வாசலில் காசு கேட்டால் அது என்னுடையது இல்லை. "ஓடரை ரத்துச் செய்கிறோம், கைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்று யார் கேட்டாலும் சொல்லவேண்டாம் என்றும் சேர்த்தேன். வாங்காத பொருளைத் திருப்பி அனுப்ப ஓ.டி.பி. தேவையே இல்லை. கொண்டுவருகிற பெடியனைப் பேசவேண்டாம் என்றும் சொன்னேன். அவன் கூலிக்குச் சுமக்கிறவன். அவனுக்கும் ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் இரண்டாவது பார்சல் போனது. ரத்துச் செய்ய நான் தாமதித்துவிட்டேன், அதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். "அம்மா, ஒன்பதாயிரத்து இருநூறு" என்றிருக்கிறான் பெடியன்.

"என்ர மகன் காசு கட்டாமல் அனுப்பமாட்டான் தம்பி, கொண்டுபோ" என்றிருக்கிறா அம்மா. வெயில் கடுமையாம். தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பினாவாம்.